மழைநீர்க் குழி, உறிஞ்சு குழி: வலையா, மூடியா, ஜல்லியா?

மழைநீர்க் குழியில் கொசு வருகிறது என்றதும் பெரும்பாலானவர்கள் செய்வது மூடியின் மேல் ஒரு நைலான் வலையை விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைப்பதுதான். உறிஞ்சு குழியில் கரப்பான் வருகிறது என்றால் மருந்துப் பொடி. இரண்டும் ஓரிரு வாரம் தாங்கும். பிறகு வலை கிழியும் அல்லது சேறு அடைத்துக்கொள்ளும், கரப்பான் வேறு வழியாக வரும். இரண்டு குழிகளையும் ஒரே மாதிரிச் சிக்கலாகப் பார்ப்பதால் வரும் வினை இது. ஒன்றில் எப்போதாவது வரும் நல்ல தண்ணீர். மற்றதில் தினமும் வரும் அழுக்குத் தண்ணீர். ஒன்றுக்கு ஏற்றது மற்றதற்கு ஆகாது.

வலை போடுவது, இறுக்கமாக மூடுவது, ஜல்லி போட்டு நிரப்புவது என்ற மூன்று வழிகளையும் இரண்டு குழிகளுக்கும் பொருத்திப் பார்க்கலாம். மருந்து, மீன் போன்றவற்றுக்கும் இடையில் ஒரு பத்தி உண்டு.

முதலில் ஒரு குச்சி

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு அளவு தெரிய வேண்டும்: குழியில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது? வெப்பமான காலத்தில் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதற்குள் தண்ணீர் முழுதாக வற்றிவிட்டால் புழுக்கள் செத்துப்போகும். ஆனால் ஏழு நாளை எல்லையாக வைத்துக்கொள்ளக் கூடாது. நடுவில் இன்னொரு மழை பெய்தால் கணக்கு நீண்டுவிடும். அதனால் மூன்று நாளில் வற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாடிப் பரப்பு 100 சதுர மீட்டர். மாடித் தண்ணீர் ஒரு சிறிய வடிகட்டித் தொட்டிக்குள் விழுந்து, அங்கிருந்து சிமெண்ட் உறை இறக்கிய குழிக்குப் போகிறது. குழியின் விட்டம் ஒரு மீட்டர். வழிந்தோடும் குழாய் மட்டம்வரை தண்ணீர் ஆழம் ஒன்றரை மீட்டர். அதாவது சுமார் 1,180 லிட்டர் பிடிக்கும். பெருமழை நின்ற மாலை குச்சியை விட்டுப் பார்த்தால் 150 செ.மீ. தண்ணீர். மறுநாள் அதே நேரம் 110. அதற்கடுத்த நாள் 84. மூன்றாம் நாள் 68.

முதல் நாள் 40 செ.மீ. இறங்கியது என்பதால் நான்கு நாளில் வற்றிவிடும் என்று நினைப்பது இயல்பு. அப்படி நடக்காது. தண்ணீர் உயரமாக இருக்கும்போது அடி வழியாகவும் பக்கங்களிலுள்ள உறை இடுக்குகள் வழியாகவும் வெளியேறுகிறது, அழுத்தமும் அதிகம். மட்டம் இறங்க இறங்க இரண்டும் குறைகின்றன. போதாக்குறைக்கு, மாடியிலிருந்து வரும் நுண்ணிய மண் அடியில்தான் படிந்து கிடக்கிறது. இந்தக் குழியில் எட்டாம் நாளும் ஒரு சாண் தண்ணீர் கிடக்கும். அந்தக் கடைசி ஒரு சாண்தான் கொசுவுக்குப் போதும். மேலே எவ்வளவு வேகமாக இறங்கியது என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

எனவே இங்கே முதல் வேலை வலை அல்ல, அடியில் படிந்த சேற்றை எடுப்பது. குழி காய்ந்திருக்கும்போது அடி மணலின் மேல் 10 முதல் 15 செ.மீ. வரை, கறுத்துப்போன, கையில் பிசுபிசுக்கும் பகுதியை வழித்து எடுத்துவிட்டுப் புது மணல் போட வேண்டும். அதன் பிறகு வரும் மழையில் மீண்டும் குச்சி விட்டுப் பாருங்கள். முதல் நாளிலேயே 150 பாதிக்கும் கீழே போய், இரண்டாம் நாள் முடிவதற்குள் தரை தெரிந்தால் மண் நல்ல மண், அடைப்புதான் காரணம். சேற்றை எடுத்தும் மாறவில்லை என்றால் கீழே களிமண் இருக்கிறது, அல்லது நிலத்தடி நீரே மழைக்காலத்தில் குழி மட்டத்துக்கு ஏறிவிடுகிறது. அப்படிப்பட்ட குழியை வற்ற வைக்க முடியாது. அதைத் தேங்கும் தொட்டியாகவே பாவித்து மூடிப் பாதுகாக்க வேண்டும்.

குற்றவாளி குழிக்கு முன்னால் நிற்கிறது

பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. குழியைத் திறந்து பார்த்து, "உள்ளே காய்ந்துதானே கிடக்கிறது, கொசு எங்கிருந்து வருகிறது?" என்று கேட்பார்கள். பக்கத்திலிருக்கும் வடிகட்டித் தொட்டியை யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.

அந்தத் தொட்டி மண் படிவதற்காகக் கட்டப்படுவது. அடியைச் சிமெண்ட் பூசி மூடியிருப்பார்கள். வெளியேறும் குழாய் அடியிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருக்கும். மண் கீழே தங்கட்டும், தெளிந்த நீர் மேலே போகட்டும் என்பது நோக்கம். மண் தங்குகிறது. கூடவே தண்ணீரும் தங்குகிறது. 60 க்கு 60 செ.மீ. தொட்டியில் 20 செ.மீ. உயரம் என்றால் 72 லிட்டர். அதற்குப் போக வழியே கிடையாது, ஆவியாகிப் போனால்தான் உண்டு. மூடி போட்ட நிழலில் அதுவும் மெதுவாகத்தான் நடக்கும். ஏடிஸ் கொசு தேடுவது இதைத்தான்: நிழல், சுத்தமான தண்ணீர், சொரசொரப்பான ஈரச் சுவர். அது முட்டையைத் தண்ணீரில் விடுவதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவிடுகிறது. தொட்டி காய்ந்தாலும் அந்த முட்டைகள் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் நீர் ஏறித் தொட்டதும் பொரிக்கும். தொட்டியைக் காயவிட்டால் மட்டும் போதாது, சுவரை இரும்புத் தூரிகையால் தேய்த்துக் கழுவவும் வேண்டும் என்பது இதனால்தான்.

தொட்டிக்கு மூன்று வழிகளில் எது சிறந்தது? ஜல்லிதான், அதுவும் முழுதாக அல்ல. வெளியேறும் குழாயின் அடி மட்டத்துக்கு ஒரு கையகலம் மேலே வரும்வரை ஜல்லி போட்டால் நிற்கும் தண்ணீர் முழுவதும் ஜல்லிக்குள் மறைந்துவிடும். கீழே முக்கால் அங்குல ஜல்லி, மேலே சிப்ஸ் எனப்படும் பொடி ஜல்லி. குழாயின் வாயைப் பெரிய கற்களால் சுற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் சிப்ஸ் உருண்டு குழாய்க்குள் போய்விடும். மண் சிப்ஸின் மேல் தங்கும். வழித்தெடுப்பதும் எளிது. புதிதாகக் கட்டுபவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. தொட்டியின் அடியை முழுதாகப் பூசாமல் நடுவில் ஒரு கசிவுத் துளை விட்டு, அதன் கீழே ஒரு வாளி ஜல்லி போட்டால் மிச்சத் தண்ணீர் தானே இறங்கிவிடும்.

மாடிக் குழாய் தரையோடு கிடையாக ஓடும் இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் தாங்கு இல்லாமல் குழாய் தொய்ந்திருந்தால் அந்த வயிற்றிலும் தண்ணீர் நிற்கும்.

மழைநீர்க் குழிக்கு எது?

இங்கே முடிவைத் தீர்மானிப்பது ஒரே கேள்வி: குழிக்குத் தண்ணீர் குழாய் வழியாக மட்டும் வருகிறதா, அல்லது தரையில் ஓடும் நீரும் மூடியிலுள்ள துளைகள் வழியாக விழ வேண்டுமா?

குழாய் வழியாக மட்டும் என்றால், துளையுள்ள மூடிக்கு அங்கே வேலையே இல்லை. துளையில்லாத கான்கிரீட் மூடியைப் போட்டு, விளிம்பில் ரப்பர் வார் அல்லது மெலிந்த சிமெண்ட் கலவை வைத்து உட்கார வைத்தால் முடிந்தது. திறக்க வேண்டியபோது கலவையை உளியால் தட்டி எடுத்துவிடலாம். தண்ணீர் வேகமாக நிரம்பும்போது உள்ளே உள்ள காற்று வெளியேற ஒரு சிறிய குழாய் வேண்டும். வலை போட வேண்டியது அதன் வாயில் மட்டும்தான்.

வலையைத் தண்ணீர் வரும் குழாயின் வாயில் கட்டுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். அது சரிப்படாது. 100 சதுர மீட்டர் மாடியில் மணிக்கு 60 மி.மீ. மழை பெய்தால் நொடிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் வரும். நான்கு அங்குலக் குழாய் அதைச் சுலபமாக வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்தக் குழாய் வாயின் பரப்பு உள்ளங்கையளவுதான். ஒரு மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையில், கம்பியின் பருமன் போகத் தண்ணீருக்குக் கிடைப்பது பாதிக்குச் சற்று மேலே. இரண்டு இலையும் கொஞ்சம் தூசியும் ஒட்டினால் அதுவும் போய்விடும். பிறகு தண்ணீர் மாடியில் தேங்கும். மாடியில் ஒரு கொசுக் குளத்தை நாமே உண்டாக்கியது மாதிரி ஆகும்.

ஆனால் அந்தக் குழாயை அப்படியே திறந்துவிடவும் கூடாது. காய்ந்த குழாய் வழியாக மாடியிலிருந்து கொசு குழிக்குள் இறங்கும், வெளியேறும்போதும் அதே வழிதான். குழிக்குள் நீட்டியிருக்கும் குழாய் நுனியில் ஒரு ரப்பர் மடிப்பைத் தொங்கவிடுவது நல்லது. பழைய டியூப் ரப்பரை வாயைவிட இரண்டு விரல்கடை பெரிதாக வட்டமாக வெட்டி, மேல் விளிம்பில் மட்டும் கிளிப் போட்டு இறுக்க வேண்டும். தண்ணீர் வந்தால் அது தள்ளித் திறந்துகொள்ளும், நின்றதும் தொங்கி மூடிக்கொள்ளும். குச்சி ஏதும் இடையில் மாட்டிக்கொண்டு திறந்தே நிற்கிறதா என்று ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் ஒரு முறை பார்க்க வேண்டும். குச்சியும் இலையும் வராமலிருக்க மாடியிலுள்ள குழாய் வாயில் குமிழ் வடிவச் சல்லடை போதும். அதன் கண் பெரிதாக இருக்கலாம், அது கொசுவுக்கானது அல்ல.

தரைத் தண்ணீரும் குழிக்குள் போக வேண்டும் என்றால் நிலைமை வேறு. துளை மூடியின் மேல் வலை விரித்தால் மிதிபட்டுக் கிழியும். மூடிக்கு அடியில் கட்டினால் மண் அதன் மேல் தங்கித் தொட்டில் போலத் தொங்கும், ஒரு மழைக்காலத்துக்குள் கண்கள் அடைந்துவிடும். அடைத்த வலையின் மேல் நிற்கும் சிறு தண்ணீரிலும் கொசு முட்டையிடும். இங்கே நான் ஜல்லிப் பக்கம்தான். குழியைக் கீழே ஒன்றரை அங்குல ஜல்லி, நடுவில் முக்கால் ஜல்லி, மேலே சிப்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே பருமணல் என்று அடுக்கி நிரப்பிவிட்டால் கொசுவுக்குத் திறந்த நீர்ப்பரப்பே கிடைக்காது.

விலையும் இருக்கிறது. ஜல்லிக்கிடையில் தண்ணீருக்குக் கிடைக்கும் இடம் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பதுதான். நமது 1,180 லிட்டர் குழி, முழுதாக நிரப்பினால் 470 லிட்டர்தான் பிடிக்கும். மீதி மழை வழிந்து தெருவுக்குப் போகும். கூடவே, மேல்மணல் அடைபடும்போது அதை மாற்ற வேண்டும். ஆழத்தில் அடைபட்டால் எல்லா ஜல்லியையும் வெளியே எடுத்துக் கழுவ வேண்டும், அது ஒரு நாள் ஆள் வேலை. பெரிய ஜல்லியை மட்டும் போட்டுவிட்டு மேலே சிப்ஸும் மணலும் போடாமல் விடுவது இன்னொரு தவறு. ஒன்றரை அங்குலக் கற்களின் இடுக்கு வழியாகக் கொசு தாராளமாக இறங்கும். தண்ணீர் ஏறி மேல் கற்களுக்கு நடுவே தெரிந்தால் அங்கேயே முட்டையிடும்.

குழாய் வழியாக மட்டும் தண்ணீர் வரும் குழிக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. சேற்றை எடுத்துப் புது மணல் போட்ட பிறகு அதன் மேல் 30 செ.மீ. மட்டும் நிரப்புவது: கீழே 20 செ.மீ. முக்கால் அங்குல ஜல்லி, மேலே 10 செ.மீ. சிப்ஸ். கடைசியில் நிற்கும் அந்த ஒரு சாண் தண்ணீர் கற்களுக்குள் ஒளிந்துகொள்ளும். இழப்பது ஏறக்குறைய 140 லிட்டர் மட்டும். முழுதாக நிரப்பினால் இழக்கும் 710 லிட்டரோடு ஒப்பிட்டால் இதுவே லாபம். நமது எடுத்துக்காட்டு வீட்டுக்கு இதையும் துளையில்லாத மூடியையும்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

உறிஞ்சு குழியில் கணக்கு மாறுகிறது

குளியலறை, சமையலறைத் தண்ணீர் தினமும் வரும் உறிஞ்சு குழியில் மூன்று நாள் விதிக்குப் பொருளே இல்லை. அது ஒருநாளும் வற்றாது. அழுக்குத் தண்ணீரில் செழிப்பது கியூலெக்ஸ் கொசு. அது நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒரு சிறு தெப்பம் போல ஒட்டி நீர்ப்பரப்பில் மிதக்கவிடும். இரவில் கடிக்கும் கொசு பெரும்பாலும் இதுதான். சுத்தமான தண்ணீரை மட்டுமே விரும்பும் என்று நாம் நினைத்திருக்கும் ஏடிஸும் இங்கே வரலாம். கழிவுநீர்த் தொட்டிகளில் அது பெருமளவில் வளர்வதைப் பியூர்ட்டோ ரிக்கோவில் கண்டு 2008-ல் வெளியிட்டிருக்கிறார்கள். விரிசல் விட்ட தொட்டிகளும் மூடாத குழாய்களும்தான் அதற்கு வழி.

கரப்பானுக்கும் இதுவே வீடு. சாக்கடைகளில் வாழும் பெரிய செம்பழுப்புக் கரப்பானுக்குத் தேவையான ஈரம், இருட்டு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் நீர்மட்டத்துக்கு மேலேயுள்ள உறைச் சுவரிலேயே கிடைக்கின்றன. இந்தக் குழியை ஜல்லி போட்டு நிரப்பினால் கொசு குறையலாம், கரப்பான் குறையாது. கற்களின் இடுக்கு அதற்குச் சுவரைவிட வசதி. பிசுக்கு படிந்து ஜல்லி அடைத்துக்கொண்டால் குழி தண்ணீரை உறிஞ்சுவதையே நிறுத்திவிடும். புதிதாகக் கட்டும்போதே ஜல்லிக் குழியாகத் திட்டமிட்டு, முன்னால் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும் தொட்டி வைத்தால் அது வேறு கதை. இருக்கும் வெற்றுக் குழியில் கொசுவுக்காகவென்று ஜல்லியைக் கொட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தண்ணீர் வரும் வழியில் வலை என்பது இங்கே இன்னும் மோசம். தலைமுடியும் சோற்றுப் பருக்கையும் சோப்புப் பிசுக்கும் ஒரே வாரத்தில் அதை அடைத்துவிடும்.

மிச்சம் இருப்பது இறுக்கமாக மூடுவது. எவ்வளவு இறுக்கம்? இங்கே கரப்பான்தான் அளவுகோல். 2016-ல் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியபடி, நின்றால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமுள்ள கரப்பான், மூன்று மில்லிமீட்டர் இடுக்கில் உடலைத் தட்டையாக்கி நுழைந்துவிடும். குஞ்சுகளுக்கு அதைவிடச் சிறிய இடுக்கே போதும். கொசுவுக்கோ ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியே வாசல். 'மூடி போட்டிருக்கிறது' என்பது இங்கே ஒரு பதிலே ஆகாது. மூடிக்கும் உறைக்கும் நடுவே ஒரு தீக்குச்சி நுழைந்தால் அது திறந்த குழிதான்.

எந்த ஓட்டை வழியாக வருகிறது?

மூடுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்துவிடலாம். மாலை நான்கு, ஐந்து மணிக்குப் பழைய கொசுவலைத் துணியைப் பை போலத் தைத்து, காற்றுப்போக்கிக் குழாயின் வாயில் கட்டி விடுங்கள். மூடியின் மேல் இன்னொரு துண்டை விரித்து, சுற்றிலும் மணல் போட்டு அழுத்துங்கள். குழியில் வளர்ந்த கியூலெக்ஸ் இருட்டும் நேரத்தில் வெளியேறும். காலையில் எந்தப் பையில் கொசு அதிகமாக மாட்டியிருக்கிறதோ அதுதான் முக்கிய வாசல். கரப்பானுக்கு எலி பிடிக்கும் ஒட்டும் அட்டையை மூடி விளிம்பிலும், குளியலறைத் தரைச் சல்லடை அருகிலும் ஒவ்வொன்று வைத்தால் போதும். இரண்டு மூன்று இரவுகளில் படம் தெளிவாகிவிடும். வெளியே மூடியருகே ஒன்றுமில்லாமல் குளியலறையில் மட்டும் மாட்டினால், குழியை எவ்வளவு பூசினாலும் பயனில்லை. அவை குழாய் வழியாக நேரே வீட்டுக்குள் வருகின்றன.

எல்லாமே கொசு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். உறிஞ்சு குழியிலிருந்து வரும், மெத்தென்ற ரோமமும் இதய வடிவ இறகும் உள்ள சிறு பூச்சி சாக்கடை ஈ, அது கடிக்காது. மழைநீர்க் குழியின் அடிச்சேற்றில் நெளியும் சிவப்புப் புழுவும் கொசுப்புழு அல்ல. கொசுப்புழுவை வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு பார்த்தால் தெரியும்: நிழல் பட்டதும் துள்ளித் துள்ளிக் கீழே போகும், பிறகு மூச்சுக்காக மேலே வரும். தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் கியூலெக்ஸ் அல்லது ஏடிஸ். நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்திருந்தால் அனாஃபிலிஸ்.

உறிஞ்சு குழியை மூடும் முறை

வேலை முழுவதும் மேலிருந்துதான் நடக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் குழிக்குள் ஆள் இறங்கக் கூடாது. உள்ளே நச்சு வாயு இருக்கும், ஆக்ஸிஜன் இருக்காது. தலையை நீட்டிக் குனிந்து பார்ப்பதுகூட ஆபத்து. மூடியைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்று, கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பாருங்கள்.

மேல் உறையின் விளிம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சிமெண்ட் கலவையால் சமமட்டமாக்க வேண்டும். கலவை காய்ந்த பிறகு விளிம்பு முழுவதும் அடர்த்தியான ரப்பர் வாரை ஒட்டி மூடியை உட்கார வைத்தால் எடை தாங்கி இடுக்கை நிரப்பிவிடும். மூடியைத் தூக்குவதற்கான கம்பி வளையத் துளையை மறக்கக் கூடாது. மூடி கனமானது, கச்சிதமானது என்று நிம்மதியாக இருக்கும் வீடுகளில் கொசு வருவது பலமுறை அந்தத் துளை வழியாகத்தான். பிறகு குழாய் உறைக்குள் நுழையும் இடத்தைச் சுற்றியுள்ள இடைவெளி. மண் மூடியிருப்பதால் அது தெரியாது, கரப்பான் தடம் பெரும்பாலும் அங்கே தொடங்கும். ஒரு அடி தோண்டிப் பார்த்துப் பூசிவிட வேண்டும்.

முழுதாக மூடிய குழியில் வாயு சேரும் என்பதால் காற்றுப்போக்கிக் குழாய் கட்டாயம். இந்தக் குழியில் வலைக்கான ஒரே இடம் அதன் வாய்தான். கண் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் தண்ணீர்த் தொட்டித் திறப்புகளுக்கு விதித்திருக்கும் அளவும் இதுவே. எந்த வலை என்பதில் சிக்கனம் பார்க்காதீர்கள். கல்வனைஸ் இரும்பு வலை குழி வாயுவில் சீக்கிரம் அரித்துப்போகும். நைலான் வெயிலில் மொறமொறத்து உடையும். பூச்சு கொடுத்த ஃபைபர் கண்ணாடி வலை சில ஆண்டுகள் தாங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலைதான் நீண்ட நாள் உழைக்கும். குழாய் வாயைவிட நான்கு விரல்கடை பெரிதாக வெட்டி, வெளிப்புறமாக மடித்து, ஸ்டெயின்லெஸ் கிளிப் போட்டு இறுக்குங்கள். பசை வைத்து ஒட்டினால் வெயிலில் கழன்றுவிடும். வலை காற்றைக் குறைக்கும் என்பதால் குழாய் கொஞ்சம் பெரிதாக, நான்கு அங்குலமாவது இருப்பது நல்லது. சிலந்திக்கூடு இதன் முதல் எதிரி, ஆண்டுக்கு இரண்டு முறை துடைத்துவிட வேண்டும்.

வீட்டுப் பக்கத்துக்குக் குழாயில் தண்ணீர் நிற்கும் ட்ராப் வேண்டும். ஐந்து செ.மீ. நீர் நிற்கும் ட்ராப்பைக் கொசு தாண்டாது, கரப்பான் பெரும்பாலும் தாண்டாது. ஆனால் யாரும் பயன்படுத்தாத குளியலறையில் அந்த நீர் சில வாரங்களில் ஆவியாகிவிடும், அன்று முதல் அது திறந்த வாசல். விருந்தினர் அறைக் குளியலறையில்தான் கரப்பான் அதிகம் என்று சொல்பவர்கள், வாரம் ஒரு முறை அங்கே ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டுப் பார்க்கலாம்.

மருந்து, மீன், மிதவை

கம்பூசியா, கப்பி மீன்கள் இரண்டு குழிகளுக்கும் ஆகாது. ஒன்று வற்றும், மற்றதில் ஆக்ஸிஜன் இல்லை. மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில் ஊற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மழைநீர்க் குழியில் ஊற்றுவது நேரே நிலத்தடி நீரில் ஊற்றுவதுதான். கொசுப்புழுக்களைக் கொல்லும் பாக்டீரியா மருந்துகளில், பரவலாகக் கிடைக்கும் பி.டி.ஐ. வகை அழுக்கு நீரில் வலுவிழக்கும். ஸ்பேரிகஸ் வகை உறிஞ்சு குழிக்குப் பரவாயில்லை, ஆனால் தொடர்ந்து பயன்படுத்தினால் கியூலெக்ஸ் அதற்குப் பழகிக்கொள்ளும். மூடி வேலை முடியும்வரை ஓட்டுவதற்கு மருந்து சரி, நிரந்தர வழி அது அல்ல.

பாலிஸ்டைரீன் மணிகள் சுவாரசியமானவை. 1988-ல் சான்சிபார் தீவின் மகுண்டுச்சி பகுதியில் நீர் நின்ற கழிவறைக் குழிகளில் இவற்றைப் போட்டார்கள். தெர்மோகோல் போன்ற சிறு மணிகள் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு நீர்ப்பரப்பை மூடிவிட, புழுக்களால் மூச்சுவிட மேலே வர முடியவில்லை, கொசுவாலும் முட்டையிட முடியவில்லை. கடிக்கும் கியூலெக்ஸ் மிகப் பெருமளவு குறைந்தது. நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் அவையும் கூடவே ஏறி இறங்குவதால் ஆண்டுக்கணக்கில் பயன்படும். உறிஞ்சு குழியில் மூடியைச் சரிசெய்யவே முடியாத நிலை என்றால் இது நல்ல மாற்று. கரப்பானுக்கு மட்டும் இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. மழைநீர்க் குழிக்கு இது வேண்டவே வேண்டாம். பெருமழையில் குழி நிரம்பி வழியும்போது மணிகள் எல்லாம் வடிகாலுக்குப் போய்ச் சேரும்.

எதை முதலில் செய்வது?

பணமும் ஆளும் ஒரே நேரத்தில் கிடைக்காவிட்டால் நமது எடுத்துக்காட்டு வீட்டில் வரிசை இப்படி இருக்கும். முதலில் காற்றுப்போக்கிக் குழாய்க்கு வலை. அரை மணி நேர வேலை, பெரும்பாலும் அதிகப் பலன் தருவதும் அதுவே. அடுத்து வடிகட்டித் தொட்டிச் சுவரைத் தேய்த்துக் கழுவி ஜல்லி போடுவது. மூன்றாவது உறிஞ்சு குழி மூடியின் விளிம்பும் தூக்கும் துளையும். மழைநீர்க் குழியின் சேறு எடுப்பதையும் மூடி மாற்றுவதையும் கோடையில், குழி காய்ந்திருக்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

மூடியைப் பூசிய மறுநாளே கொசு குறையவில்லை என்று கவலைப்பட வேண்டாம். ஏற்கெனவே பறந்து வெளியே வந்தவை சில வாரங்கள் உயிரோடு சுற்றும். குழிக்குள் அடைபட்டவை வெளியேற ஒவ்வொரு இடுக்கையும் தேடும். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் கொசுவலைப் பையை மறுபடியும் இரண்டு இரவு கட்டிப் பாருங்கள். இம்முறை வலைக்கு மேலே அல்ல, மூடியைச் சுற்றியும் குழாய் நுழையும் மண் பகுதியின் மேலும். அங்கே பை நிறையக் கொசு இருந்தால் பூச்சில் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது. நாலைந்து மட்டும் என்றால் அவை பக்கத்து வீட்டிலிருந்தும் வந்து உட்கார்ந்திருக்கலாம்.